ஓடிட் நிறுவனத்துக்குப் போடும் மெயிலில் பரீட்சை நிலையும் சேரும் திகதியும்

"வெள்ளவத்தையில் இருக்கிறேன். சிஏ பிசினஸ் லெவல் 1 முடித்துவிட்டேன். லெவல் 2இல் இரண்டு பாடம் மிச்சம், ஜூனில் எழுதப் போகிறேன். ட்ரெய்னிங் கேட்டு எத்தனையோ ஓடிட் நிறுவனங்களுக்கு மெயில் போட்டும் ஒரு பதிலும் இல்லை. 'நான் சிஏ படித்துக்கொண்டிருக்கிறேன், பெயர்பெற்ற உங்கள் நிறுவனத்தில் சேர விரும்புகிறேன், உடனடியாகச் சேர முடியும், சீவி இணைத்துள்ளேன்' என்றுதான் எழுதினேன். பரீட்சை நிலையையும் எப்போது சேரலாம் என்பதையும் எப்படி எழுத வேண்டும்?"

உங்கள் மெயிலில் மரியாதைக் குறைவும் இல்லை, பெரிய பிழையும் இல்லை. ஆனால் அதைப் படிப்பவருக்கு உங்களை எந்த ஃபைலில் போடுவது என்று தெரியாது. கொழும்பின் பெரிய நிறுவனங்களில் இந்த மெயிலை முதலில் திறப்பவர் ஆளணிப் பிரிவில் இருப்பவர். வருகிற மெயில்களைப் பரீட்சை நிலைப்படி பிரித்து, ஆள் எடுக்கும் நேரம் வந்ததும் ஒரு தொகுதியாகக் கூப்பிடுவது அவர் வேலை. ஐந்தாறு பேர் மட்டும் வேலை செய்யும் சிறிய நிறுவனத்தில் பார்ட்னரே திறப்பார், அதுவும் பெரும்பாலும் போனில், இரண்டு கூட்டங்களுக்கு நடுவில். இருவருக்கும் தெரிய வேண்டியவை இரண்டுதான். இவருக்கு எந்தளவு வேலை கொடுக்கலாம்? எந்தத் திகதியிலிருந்து கொடுக்கலாம்? 'சிஏ படிக்கிறேன்' என்பது முதல் கேள்விக்கும் 'உடனடியாக' என்பது இரண்டாவது கேள்விக்கும் பதில் ஆகாது. விடை சீவிக்குள் இருக்கலாம். ஆனால் இணைப்பைத் திறந்து தேடிக்கொண்டிருக்க யாருக்கும் பொழுதில்லை.

பரீட்சை நிலையை எடுத்துக்கொள்வோம். லெவல் பெயரோடு பாடத்திட்ட ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். 2015 பாடத்திட்டத்தில் எக்சிகியூட்டிவ், பிசினஸ், கோர்ப்பரேட் என்று லெவல்கள் இருந்தன. 2020இல் வந்ததில் பிசினஸ் லெவலே 1, 2 என்று இரண்டாக இருக்கிறது. 'பிசினஸ் லெவல்' என்று மொட்டையாக எழுதினால், பழைய பாடத்திட்டத்தில் படித்து வந்த மேலாளர் நீங்கள் எக்சிகியூட்டிவைத் தாண்டிய ஆள் என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. இன்னும் மூத்த பார்ட்னர்கள் லெவல்களுக்கு வேறு பெயர்கள் இருந்த காலத்தில் பரீட்சை எழுதியவர்கள். இன்டர்வியூவில் உட்கார்ந்த பிறகு அந்தக் குழப்பம் தெளிந்தால், நீங்கள் நிலையைக் கூட்டிச் சொன்னது போன்ற எண்ணம்தான் அங்கே மிஞ்சும். ஓர் ஆண்டைச் சேர்த்து எழுதினால் அந்தத் தொல்லை இல்லை.

அடுத்ததாகப் பாடங்களின் நிலை. பாஸானது, விலக்களிப்புப் பெற்றது, எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருப்பது, இனித்தான் எழுதப் போவது என்று நான்கு வகை உண்டு. இவற்றை ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. ஏஏடி முடித்தோ பட்டத்தை வைத்தோ விலக்களிப்புப் பெற்ற பாடத்தைப் பாஸ் என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். பெறுபேற்றுத் தாளைப் பார்த்ததும் அது வெளிப்பட்டுவிடும். இனி எழுதப் போகும் பாடத்துக்கு 'பெறுபேறு எதிர்பார்க்கப்படுகிறது' என்று எழுதுவது அதைவிட மோசம். உங்கள் விஷயத்தில் பாஸான பாடங்களை ஒவ்வொன்றாக அடுக்கத் தேவையில்லை. லெவல் 1 முழுவதும் எந்தத் தவணையில் முடிந்தது, லெவல் 2இல் மிச்சமுள்ள இரண்டு பாடம் எவை, அவற்றை எந்தத் தவணையில் எழுதுகிறீர்கள் என்பவை போதும். பாடப் பெயரைப் பெறுபேற்றுத் தாளில் உள்ளபடியே குறியீட்டோடு எழுதுங்கள், சுருக்காதீர்கள். மிச்சமுள்ள பாடம் எது என்பது நிறுவனத்துக்கு உண்மையிலேயே தேவையான தகவல். கணக்காய்வுப் பாடம் பாஸாகி வேறொரு பாடம் மிச்சமிருக்கும் ஒருவருக்கு, வந்த முதல் வாரத்திலேயே ஓடிட் ஃபைலைக் கொடுத்து வவுச்சர் பார்க்கச் சொல்லலாம். கணக்காய்வுப் பாடமே மிச்சம் என்றால் கொஞ்சம் சொல்லிக்கொடுத்துத்தான் விட வேண்டும். அதற்காக ஒதுக்கிவிடுவார்கள் என்று பயப்படத் தேவையில்லை. மறைத்தால்தான் சிக்கல். எத்தனை முறை எழுதினீர்கள் என்பதை மெயிலில் சொல்ல வேண்டியதில்லை, நேரில் கேட்டால் சொல்லுங்கள்.

மாணவர் பதிவு இலக்கத்தையும் அதே பந்தியில் கொடுங்கள். அடையாள அட்டை இலக்கம், வீட்டு முகவரி, பெற்றோரின் தொழில் எல்லாம் இந்தக் கட்டத்தில் வேண்டாம்.

சேரும் திகதிக்குத்தான் கூடுதலாக யோசிக்க வேண்டும், ஏனென்றால் ஓடிட் நிறுவனத்துக்கென்று தனி நாட்காட்டி உண்டு. இலங்கையில் பெரும்பாலான கொம்பனிகளின் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. வங்கிகளுக்கு அது டிசம்பர் 31. ஆண்டு முடியும் நாளை ஒட்டி ஸ்டொக் எண்ணும்போது போய் நின்று பார்க்க ஆள் வேண்டும். ஒரே நாளில் பியகமவிலும் இரத்மலானையிலும் வத்தளையிலும் களஞ்சியங்களை எண்ணுவார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஒருவரையாவது அனுப்பியாக வேண்டும், அனுப்பப்படுபவர் பெரும்பாலும் புதிய ட்ரெய்னிதான். பிறகு சித்திரைப் புத்தாண்டு லீவு. அது முடிந்த கையோடு மார்ச் ஆண்டுக் கணக்காய்வுகள் தொடங்கிவிடும். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் ஆண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் நிதிக்கூற்றுகளைத் தயாரிக்கச் சொல்கிறது. அதன்படி மார்ச் ஆண்டுக் கொம்பனிக்குச் செப்டெம்பர் இறுதிவரை அவகாசம் உண்டு. ஆனால் வங்கிக் கடனுக்கும் குழுமத்தின் தாய்க் கொம்பனிக்கும் கணக்குக் கொடுக்க வேண்டியவர்கள் அவ்வளவு காலம் பொறுக்கமாட்டார்கள். அதனால் மே, ஜூன், ஜூலை மாதங்களில்தான் வேலை நெரிக்கும். அதற்குப் பிறகு நவம்பர் 30இல் வருமான வரி விவரத்திரட்டு.

இந்த நாட்காட்டியோடு உங்கள் ஜூன் பரீட்சையை வைத்துப் பாருங்கள். 'உடனடியாகச் சேரலாம்' என்று எழுதிய மெயிலைப் பார்த்து ஒருவர் உங்களை மார்ச்சில் எடுத்து, ஏப்ரல் கடைசியில் ஒரு கிளையன்ட் அலுவலகத்தில் உட்கார்த்தி, மே முடிவில் நீங்கள் லீவுக் கடிதத்தோடு வந்து நின்றால் அவருக்குக் கோபம் வருவது நியாயம்தான். பரீட்சைக்கு லீவு கேட்பது அவருக்குப் புதிதல்ல. ட்ரெய்னிகளை வைத்து நடத்தும் எந்த நிறுவனமும் அதை எதிர்பார்த்துத்தான் ஆட்களைப் பிரிக்கிறது. முன்கூட்டித் தெரியாததுதான் அவர் பிரச்சினை. முதல் மெயிலிலேயே அந்த லீவைச் சொல்லிவிட்டால் அது குறையாகத் தெரியாது. வேலையைத் திட்டமிடத் தெரிந்தவர் என்றே நினைப்பார்கள்.

உங்களுக்கு இரண்டு வழி உண்டு. மார்ச் முதல் வாரத்தில் சேர்ந்து, ஜூன் பரீட்சைக்கு முன் இத்தனை வேலை நாள் லீவு வேண்டும் என்று சொல்வது ஒன்று. பரீட்சை முடிந்து ஜூலை தொடக்கத்தில் சேர்வது மற்றது. மிச்சம் இரண்டே பாடம் என்பதால் நான் முதல் வழியைத்தான் சொல்வேன். மார்ச்சில் சேர்பவர் ஸ்டொக் எண்ணிக்கையிலிருந்து அறிக்கையில் கையெழுத்தாகும் வரை ஒரு கணக்காய்வை முழுவதாகப் பார்ப்பார். ஜூலையில் சேர்பவருக்குப் பாதி முடிந்த ஃபைல்தான் கிடைக்கும். ஆனால் அந்த இரண்டு பாடத்தையும் ஏற்கெனவே ஒரு முறை தவறவிட்டு, இந்தத் தவணையில் எப்படியும் முடிக்க வேண்டும் என்ற நிலை என்றால் ஜூலைதான் சரி. நெரிசல் மாதங்களில் இரவு எட்டு மணிக்கு வீடு வந்து புத்தகத்தைத் திறப்பது எல்லோராலும் முடிகிற காரியமல்ல. எந்த வழியானாலும் ஒன்றைத் தேர்ந்து திகதியோடு எழுதுங்கள். 'மார்ச்சில் அல்லது ஜூலையில், உங்கள் வசதிப்படி' என்று எழுதினால் தீர்மானத்தை அவர் தலையில் போடுகிறீர்கள். அப்படிப்பட்ட மெயில் பிறகு பார்க்கலாம் என்று ஒதுங்கிவிடும்.

எப்போது சேரலாம் என்பதோடு கிழமையில் எத்தனை நாள் என்பதும் தெரிய வேண்டும். பல்கலைக்கழகத்தில் உள்வாரி மாணவராக இருந்தால் விரிவுரை நாட்களையும் நேரத்தையும் எழுதியே ஆக வேண்டும். வார இறுதி வகுப்பு மட்டும்தான் என்றால் அதையும் ஒரு வரியில் சொல்லுங்கள், ஏனென்றால் நெரிசல் காலத்தில் சனிக்கிழமையும் கூப்பிடும் நிறுவனங்கள் உண்டு. பயிற்சிக் காலம் மூன்று ஆண்டு. அதை முழுமையாக அங்கேயே முடிக்கும் எண்ணம் இருந்தால் சொல்லுங்கள். நடுவில் வெளிநாடு போகும் எண்ணம் இருப்பவர் அந்த வரியை எழுத வேண்டாம்.

கொழும்புக்கு வெளியே போக முடியுமா என்பதும் இதில் சேர்ந்ததுதான். தமிழ் பேசுகிறவர்கள் இதைச் சரியாகப் பயன்படுத்துவதில்லை. தோட்டக் கொம்பனிகளின் கணக்காய்வு என்றால் ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ போய், தொழிலாளரின் நாள் வரவைப் பதியும் செக்ரோலைச் சம்பளப் பட்டியலோடு ஒப்பிட்டு, கொழுந்து நிறுக்கும் இடத்திலும் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டிவரும். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு கிளைகளைப் பார்க்கவும் ஆள் போகும். அங்கெல்லாம் தமிழில் கேட்டு விளங்கிக்கொள்ளக்கூடிய ஒருவர் இருப்பது குழுவுக்குப் பெரிய உதவி. 'தமிழ் தாய்மொழி, தோட்டங்களுக்கும் வெளி மாவட்டக் கிளைகளுக்கும் பயணிக்கலாம்' என்று ஒரு வரி எழுதுங்கள். சிங்களத்தைப் பற்றி உள்ளதை எழுதுங்கள். களஞ்சியப் பொறுப்பாளரோடு பேசும் அளவுக்கு வரும், எழுத்து வாசிப்புக் குறைவு என்றால் அப்படியே எழுதலாம். 'மும்மொழித் தேர்ச்சி' என்று அளந்துவிட்டு, முதல் ஸ்டொக் எண்ணிக்கையிலேயே விழிக்க வேண்டாம்.

இனி மெயிலின் வடிவம். அனுப்புவது ஆங்கிலத்தில்தான், கருத்துப் பிடிபடுவதற்காகத் தமிழில் தருகிறேன். தலைப்பு வரியில் 'ஓடிட் ட்ரெய்னி விண்ணப்பம், 2020 பாடத்திட்டம், பிசினஸ் லெவல் 1 நிறைவு, மார்ச் 2 முதல்' என்று போடுங்கள். நிலையும் திகதியும் தலைப்பிலேயே இருந்தால், மூன்று கிழமை கழித்து ஒருவர் இன்பாக்ஸில் தேடினாலும் உங்கள் மெயில் அகப்படும். உள்ளே இப்படி எழுதலாம்:

"மதிப்புக்குரிய ஐயா / அம்மணி, தங்கள் நிறுவனத்தில் கணக்காய்வுப் பயிலுநராகச் சேர விண்ணப்பிக்கிறேன். பட்டயக் கணக்காளர் நிறுவகத்தில் பதிவுபெற்ற மாணவர், பதிவு இலக்கம் இன்னது. 2020 பாடத்திட்டத்தில் பிசினஸ் லெவல் 1ஐ இன்ன தவணையில் முடித்தேன். லெவல் 2இல் இன்ன இரண்டு பாடங்கள் மிச்சம், அவற்றை வரும் ஜூன் தவணையில் எழுதுகிறேன்.

மார்ச் 2 முதல் திங்கள் தொடக்கம் வெள்ளி வரை முழுநேரமாக வேலைக்கு வர முடியும். ஞாயிறு காலையில் மட்டும் வகுப்பு உண்டு. ஜூன் பரீட்சைக்காக, பரீட்சை நாட்களோடு அதற்கு முன் பத்து வேலை நாள் லீவு தேவைப்படும். தங்கள் லீவு விதிகளுக்கு ஏற்ப அதைச் சரிசெய்துகொள்வேன். மூன்று ஆண்டுப் பயிற்சியையும் தங்கள் நிறுவனத்திலேயே முடிக்க விரும்புகிறேன். தமிழ் தாய்மொழி, ஆங்கிலத்தில் எழுதவும் பேசவும் முடியும், சிங்களம் பேசுவேன். வெளி மாவட்டங்களுக்குப் பயணிக்கலாம்.

சீவியும் பெறுபேற்றுத் தாள்களும் ஒரே ஃபைலாக இணைக்கப்பட்டுள்ளன. தொலைபேசி இலக்கம் இன்னது, வேலை நாட்களில் எந்த நேரமும் அழைக்கலாம்."

இதற்கு மேல் தேவையில்லை. 'பெயர்பெற்ற தங்கள் நிறுவனம்', 'கடின உழைப்பாளி', 'குழுவாகப் பணியாற்றும் திறன்' எல்லாவற்றையும் வெட்டிவிடலாம், அவை வருகிற மெயில்கள் அத்தனையிலும் இருப்பவை. கொடுப்பனவு பற்றி முதல் மெயிலில் கேட்க வேண்டாம். பத்து வேலை நாள் என்பது என் கணக்கு, இரண்டு பாடத்துக்கு அது நியாயமாகத் தெரிகிறது. ஆனால் பரீட்சை லீவு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும், சிலர் கூடக் கொடுப்பார்கள், சிலர் ஆண்டு லீவிலிருந்து கழிப்பார்கள். அதனால்தான் அந்த 'தங்கள் லீவு விதிகளுக்கு ஏற்ப' என்ற சொற்கள்.

இணைப்பில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பெறுபேற்றுத் தாளைப் போனில் படம் எடுத்து, நாலைந்து படங்களைத் தனித்தனியாகத் தொங்கவிட்டால் யாரும் வரிசைப்படுத்திப் பார்க்கமாட்டார்கள். ஸ்கேன் செய்து, சீவி முன்னாலும் தாள்கள் பின்னாலுமாக ஒரே பிடிஎஃப் ஆக்குங்கள். ஃபைலுக்கு உங்கள் பெயரையும் நிலையையும் வைத்து `Name_BL1_Complete.pdf` என்பது போலப் பெயர் கொடுங்கள். வெறும் `CV.pdf` என்று அனுப்பினால், சேமித்து வைக்கும்போது மற்றவர்களுடைய அதே பெயர் ஃபைலோடு கலந்துபோகும். உள்ளே இருக்கும் சீவியிலும் மெயிலில் சொன்ன அதே நிலையும் அதே திகதியும் இருக்கிறதா என்று பாருங்கள். போன தவணைக்கு எழுதிய சீவியைத் திருத்தாமல் அனுப்பி, மெயிலில் ஒன்றும் சீவியில் இன்னொன்றுமாக நிற்பது அடிக்கடி நடக்கிறது. மற்றவர் கணக்கில் பிழை பிடிக்கப் போகிற ஆளிடம் அது அழகாகவும் இல்லை.

எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே மெயிலில் முகவரிகளை வரிசையாகப் போட்டு அனுப்பியிருந்தால், பதில் வராததற்கு அது ஒன்றே போதும். தனித்தனியாக அனுப்புங்கள், ஃபோர்வர்ட் செய்யாமல் ஒவ்வொன்றையும் புதிதாகத் திறந்து ஒட்டுங்கள். மார்ச் கடைசி வாரத்திலும் புத்தாண்டு வாரத்திலும் அனுப்புவது வீண். சில பெரிய நிறுவனங்கள் மெயிலை எடுப்பதே இல்லை. தங்கள் இணையதளத்தில் படிவம் வைத்து, எழுத்துப் பரீட்சையும் நேர்முகமும் நடத்தித் தொகுதியாக எடுப்பார்கள். அங்கே இதே விவரத்தைப் படிவத்தில் நிரப்புங்கள்.

பதில் வராவிட்டால் ஏழெட்டு வேலை நாள் கழித்து, அதே மெயிலுக்குக் கீழே பதிலாக இரண்டு வரி எழுதலாம். சிறிய நிறுவனம் என்றால் போன் எடுப்பதே நல்லது. அதற்குப் பிறகும் மௌனம் என்றால் இடமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் மெயிலில் குறை என்று அர்த்தமில்லை. மிச்சமுள்ள இரண்டு பாடம் தடையாகுமா என்பதற்கும் பொதுவான விடை கிடையாது. லெவல் 2 முழுவதும் முடித்தவரை மட்டும் பார்க்கும் இடங்களும் உண்டு, படிப்பைத் தொடங்கியவரையே எடுத்துப் பழக்குகிற இடங்களும் உண்டு.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் ஊகத்துக்கு இடம் வைக்காதீர்கள். மெயில் போடும் முன், அந்த நிறுவனம் பயிற்சி வழங்கப் பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். மலலசேகர மாவத்தையில் உள்ள நிறுவக அலுவலகத்தின் பயிற்சிப் பிரிவில் கேட்டால் சொல்வார்கள். அங்கீகாரம் இல்லாத இடத்தில் எவ்வளவு உழைத்தாலும் மூன்று ஆண்டுக் கணக்கில் அது சேராது. இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டால், பயிற்சி ஒப்பந்தத்தை எந்தத் திகதியில் கையெழுத்திட்டு நிறுவகத்தில் பதிவு செய்வீர்கள் என்று நேராகவே கேளுங்கள். 'முதல் ஆறு மாதம் பார்த்துவிட்டுப் பதிவு செய்யலாம்' என்ற பதில் வந்தால், அந்த ஆறு மாதம் பயிற்சிக் காலத்தில் ஏறுமா என்று அங்கேயே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு சேருங்கள்.